கால் பங்கு

அப்பாவின் ஸ்வெட்டரில் கடைசிப் பொத்தான் அறுந்திருந்தது. சனிக்கிழமை காலை, ஜன்னல் ஓரம் உட்கார்ந்து அதைத் தைத்துக்கொண்டிருந்தேன். ஏசி பெட்டியில் குளிரும் என்று நான்தான் பயமுறுத்தி வைத்திருந்தேன். அப்பா கட்டிலில் சாய்ந்தபடி பொத்தானைப் பார்த்துவிட்டு, "நீலத்துக்குப் பக்கத்துல வெள்ளையா அம்மிணி? வேலூர் டாக்டருங்க இதைப் பாத்தே என்னைத் திருப்பி அனுப்பிருவாங்க" என்றார்.

"அவங்க நெஞ்சைத்தான் பார்ப்பாங்க, பொத்தானை இல்ல."

"நெஞ்சு பொத்தானுக்கு உள்ளதான இருக்குது."

சிரித்தார். சிரித்ததில் மூச்சு வாங்கியது. அது அடங்கும்வரை காத்திருந்தோம். பிறகு நான் நூலைப் பல்லால் கடித்து அறுத்தேன்.

1999, பிப்ரவரி. மைசூரில் மேட்டகள்ளிப் பக்கம் இரண்டு அறை வாடகை வீடு. அப்பா அய்யாசாமி, கொத்தனார். ராமாபுரத்திலிருந்து சித்தாளாக வந்து, கரண்டி பிடிக்கக் கற்று, இந்த ஊரில் எத்தனையோ வீடுகளுக்குச் சுவர் எழுப்பியவர். இருதயத்தில் ஒரு வால்வு சுருங்கிவிட்டது என்று நஞ்சுண்டசாமி டாக்டர் சொன்னார். வேலூருக்குக் கடிதம் கொடுத்தார். திங்கட்கிழமை காலை அங்கே பதிவு. அதற்காகச் சனிக்கிழமை இரவு எட்டு மணி வண்டியில் காட்பாடிக்கு இரண்டு டிக்கெட். அப்பாவுக்கு ஏசியில் கீழ்ப் படுக்கை. துணைக்குப் போகும் அண்ணன் ரவிக்குமாருக்கு ஸ்லீப்பர். இரண்டு ஏசி எடுக்க என் சம்பளம் போதவில்லை. "நான் குளுகுளுன்னு போறேன், நீ அங்க வேர்த்துக்கிட்டு வா" என்று அப்பா அண்ணனைக் கேலி செய்தார். டிக்கெட்டுகளை எடுத்தது நான், பத்திரமாக வைத்திருந்தது அண்ணன்.

டிக்கெட் எடுப்பதும் அதைத் திருப்புவதும் என் வேலையாக இருந்தது. பஸ் நிலையத்துக்குப் பின்னால் பசவராஜ் என்பவர் நடத்திய சிறிய டிராவல்ஸில் நான் குமாஸ்தா. வருகிறவர்களுக்காக விண்ணப்பம் எழுதி, ரயில் நிலையத்தில் வரிசையில் நின்று வாங்கி வருவோம். பயணம் போகாதவர்களின் டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துப் பணம் வாங்கித் தருவதும் உண்டு. சண்டையெல்லாம் அதில்தான் வரும். கொடுத்த பணம் முழுதாக வரவில்லை, மீதியை நாங்கள் தின்றுவிட்டோம் என்பார்கள். நான் ஒரு அட்டையில் கன்னடத்திலும் தமிழிலும் எழுதி மேசைக்கு மேலே தொங்கவிட்டிருந்தேன். பயண நாளைக் கணக்கில் சேர்க்காமல் ஒரு நாளுக்கும் மேல் முன்னதாகக் கொடுத்தால், வகுப்புக்கு ஏற்ற ஒரு சின்ன நிலையான தொகை மட்டும் பிடிப்பார்கள். ஏசிக்குக் கூடுதல், ஸ்லீப்பருக்குக் குறைவு. அதற்குப் பிறகு, வண்டி புறப்பட நாலு மணி நேரம் இருக்கும்வரை, கட்டணத்தில் கால் பங்கு போகும். நாலு மணி நேரத்துக்கும் உள்ளே வந்துவிட்டால் பாதி. வண்டி போன பிறகும், தூரத்துக்கு ஏற்ப, சில மணி நேரம்வரை அந்தப் பாதி கிடைக்கும். அதுவும் தாண்டினால் கவுண்டரில் ஒன்றும் இல்லை.

ஒரு மிட்டாய்க் கடைக்காரர் அந்த அட்டையைப் படித்துவிட்டு, "இது ரயில்வேயா, அடகுக் கடையா?" என்று கேட்டார். பசவராஜ் விடவில்லை. "அடகுக் கடைல சாயங்காலம் வரைக்கும் ஒரே வட்டி சாமி. இங்க கடியாரம் பாத்து வட்டி!"

ஐந்து வருடம் அந்த மேசையில் இருந்ததில் எனக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. திரும்பி வந்த பணத்தைப் பார்த்தால், அந்த ஆள் கவுண்டருக்கு எப்போது போனான் என்று தெரியும். வீட்டில் ஒன்றும் பேசாமல் போயிருக்கிறானா, கடைசி நிமிடம்வரை இழுத்தடித்தானா என்பதெல்லாம் பிடித்த தொகையிலேயே இருக்கும். இந்தப் பழக்கத்தால் எனக்கு ஒரு நன்மையும் விளைந்ததில்லை.

அந்தச் சனிக்கிழமை மதியம் ஒன்றரை மணிக்கு அண்ணன் வந்தான். காலைக் கழுவாமலே உள்ளே வந்து, அப்பா தூங்குகிறாரா என்று பார்த்துவிட்டு, என்னைச் சமையல்கட்டுக்குக் கூப்பிட்டான். அம்மா அங்கே அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

"டாக்டரைப் பாத்துட்டு வரேன் பாப்பா. இப்போ பிரயாணம் வேண்டாம்ங்கிறாரு. உடம்பு தாங்காதாம். ஒரு வாரம் மாத்திரை குடுத்துப் பாத்துட்டு அடுத்த வாரம் போலாம்னாரு."

"நேத்துகூட ஒண்ணும் சொல்லலயே. நானே போய்க் கேட்டுட்டு வரேன்."

"கிளினிக் மூடிட்டாங்க. அவரு நஞ்சன்கூட்டுக்குக் கிளம்பிட்டாரு, தங்கச்சி வீட்டு விசேஷமாம்."

அம்மா பழனாத்தாள், எரிந்துகொண்டிருந்த விறகையே பார்த்துக்கொண்டு, "டாக்டரே சொன்னதுக்கப்பறம் என்ன கண்ணு. உசுரா ரயிலா?" என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது, டாக்டர் மேல். மூன்று வாரம் காத்திருந்து வாங்கிய தேதி. ஆனால் அதைவிட முதலில் என் கண் போனது கடிகாரத்துக்கு.

"மணி ஒண்ணு நாப்பது. எட்டு மணி வண்டி. நாலு மணிக்குள்ள குடுத்தாத்தான் கால் பங்கோட போகும். நாலு தாண்டிட்டா பாதி போயிடும்ணா. ஏசி டிக்கெட்டுலயே இருநூறு ரூபா! உடனே கிளம்பு."

"ஆகட்டும்."

"வரிசை பெருசா இருக்கும். நின்னுட்டே இரு, டீ குடிக்கப் போயிடாத."

"ஆகட்டும் பாப்பா."

"ஃபாரத்துல வண்டி நம்பர் சரியா எழுது."

அவன் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான். நான் வாசல்வரை போய், "இன்னும் ரெண்டு மணி நேரம்தான்!" என்று கத்தினேன். திரும்பிப் பார்க்காமல் கையை ஆட்டினான். மூன்றரை மணிக்குத் திரும்பி வந்து, "ஆச்சு" என்றான். நான் நிம்மதியாக மூச்சு விட்டேன். நிம்மதியாக. இந்தச் சொல்லை எழுதவே இப்போது கை கூசுகிறது.

அப்பா எழுந்ததும் செய்தியைச் சொன்னோம். "அப்பிடியா" என்றார். பிறகு, "ஸ்வெட்டரைக் கழட்டிப் போடட்டுமா அம்மிணி, இல்ல மைசூருக்கே போட்டுக்கட்டுமா?" என்று கேட்டார். ஞாயிறு முழுவதும் அதைப் போட்டுக்கொண்டே இருந்தார்.

திங்கட்கிழமை காலை பத்து மணி இருக்கும். பல் விளக்கிவிட்டுக் கொல்லைப்புறத் தொட்டியிலிருந்து தண்ணீர் எடுக்கக் குனிந்தவர் நிமிரவில்லை. அம்மாதான் முதலில் பார்த்தாள். நான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். ஆட்டோவில் ஏற்றும்போதே முடிந்துவிட்டது. வேலூரில் பெயர் கூப்பிட்டிருக்கும் நேரம்.

மூன்றாம் நாள் பால் தெளித்துவிட்டு வந்த பிறகு, அண்ணன் ஒரு கவரை என் கையில் கொடுத்தான். "டிக்கெட் காசு. உன்னுது." அவன் கண் சிவந்திருந்தது. நான் கவரைத் திறக்கவில்லை. பைக்குள் போட்டேன்.

பதினாறு நாள் கழித்து வேலைக்குப் போனேன். மதியம், ஆள் இல்லாத நேரம், அந்தக் கவர் பையின் அடியில் கையில் தட்டியது. எண்ணினேன். மறுபடி எண்ணினேன். டிக்கெட் எடுத்த அன்று எழுதி வைத்த நோட்டை எடுத்தேன். ஏசி டிக்கெட்டில் கால் பங்கு என்றால் ஏறக்குறைய நூறு ரூபாய். ஸ்லீப்பரில் முப்பதுக்கு மேல். இரண்டும் சேர்ந்து நூற்றுமுப்பது ரூபாய்க்கு மேல் குறைந்திருக்க வேண்டும். குறைந்திருந்தது அதில் பாதிகூட இல்லை. ஏசிக்கான நிலையான தொகை ஒன்று, ஸ்லீப்பருக்கான நிலையான தொகை ஒன்று. இரண்டையும் கூட்டினால் ஒரு ரூபாய் பிசகாமல் அதுதான்.

பசவராஜிடம் நோட்டைக் காட்டினேன். யாருடையது என்று சொல்லவில்லை.

"சனிக்கிழமை வண்டி. சனிக்கிழமை மதியம் கேன்சல் பண்ணினா இவ்வளவு வருமா சார்?"

கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார். "எல்லி பருத்தம்மா, எங்கம்மா வரும்? இது வியாழக்கிழமையோ அதுக்கு முந்தியோ பண்ணினது. நீ சொல்லிக் குடுத்த லெக்கதானே இது, என்னைக் கேக்கறியா?"

"கவுண்டர்ல தப்பாக் கணக்குப் போட்டிருந்தா?"

"கம்ப்யூட்டர் போடற லெக்க. அது சனிக்கிழமைய வியாழக்கிழமைன்னு நினைக்காது. மனுஷன்தான் நினைப்பான்." பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "யாருதம்மா?" என்றார்.

மூன்று மணிக்கே கேட்டுக்கொண்டு புறப்பட்டேன்.

வீட்டுக்குப் போகும் முன் நஞ்சுண்டசாமி டாக்டரின் கிளினிக்குக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். நான் உட்காராமலே கேட்டேன், சனிக்கிழமை அண்ணனிடம் பிரயாணம் வேண்டாம் என்று சொன்னீர்களா என்று.

"நானா? சனிக்கிழமையா? உங்க அண்ணனை நான் அந்த வாரமே பாக்கலையம்மா. போகச் சொல்லித்தானே லெட்டர் குடுத்தேன்."

"போயிருந்தா பிழைச்சிருப்பாரா சார்?"

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். "தெரியாது. வழியிலயே ஆகியிருக்கலாம். ஆபரேஷன் ஆகிப் பத்து வருஷம் இருந்திருக்கலாம். தெரியாதம்மா." பொய் சொல்லத் தெரியாத மனிதர். அதற்காக அவரைக்கூட அன்று வெறுத்தேன்.

அண்ணன் ஃபேக்டரியில் முதல் ஷிப்ட் முடிந்து வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அம்மா ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள். நான் கவரை அவன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"எந்தக் கிழமைண்ணா கேன்சல் பண்ணின?"

"சனிக்கிழமைதான். நீதான அனுப்பின."

"சனிக்கிழமை பண்ணினா நூத்திமுப்பது ரூபாய்க்கு மேல பிடிப்பாங்க. இதுல பிடிச்சது அதுல பாதிகூட இல்ல. இது ஒரு நாளைக்கும் முன்னாடி பண்ணினது."

அவன் சோற்றைப் பிசைவதை நிறுத்தினான். பிறகு மறுபடி பிசைந்தான்.

"நஞ்சுண்டசாமி டாக்டரைப் பாத்துட்டுத்தான் வரேன்" என்றேன்.

அப்போது அம்மா ரசக் கரண்டியைக் கீழே வைத்தாள். "அவனைக் கேக்காத. நான்தான் சொன்னேன்."

"என்ன சொன்ன?"

"சனிக்கிழமை கிழக்க சூலம். காட்பாடி கிழக்கதான இருக்குது? உசுருக்கு ஆபத்தா இருக்கற மனுசனைச் சூலத்துக்கு நேரா அனுப்பச் சொல்றியா? உங்கிட்டச் சொன்னேனே. நீ என்ன சொன்ன?"

நினைவு வந்தது. டிக்கெட் எடுத்துவந்த செவ்வாய்க்கிழமை மாலை அம்மா கேட்டாள், சனிக்கிழமையா போட்ட என்று. நான் தலை சீவிக்கொண்டே சொன்னேன்: "ரயிலுக்குச் சூலம் தெரியாதும்மா. தெரிஞ்சா சனிக்கிழமை டிரைவர் லீவு போட்டிருப்பான்." அண்ணன்கூடச் சிரித்தான். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவள் என்னிடம் எடுக்கவே இல்லை.

"புதன்கிழமை அம்மா அழுதுச்சு பாப்பா" என்றான் அண்ணன். "நான் ஷிப்டுக்குப் போறப்ப வாசல் கேட் பக்கத்துல நின்னு அழுதுச்சு. அப்பனுக்கு ஏதாவது ஆச்சுன்னா நீதான் பொறுப்புன்னுச்சு. ஒரு நாள் தள்ளி ஞாயித்துக்கிழமை போனா என்ன, திங்கள் மதியத்துக்குள்ள போயிரலாம்னுதான் நெனச்சேன். டிக்கெட்டைக் குடுத்துட்டு ஞாயித்துக்கிழமைக்குக் கேட்டேன். வெயிட்டிங் நாப்பதுக்கு மேல. திங்கள் மறுபடி கிழக்க சூலம். செவ்வாய் ஆகாதுன்னு இது சொல்லுது. புதன்தான் எடம் இருந்துச்சு, அப்பறம் எடுத்துக்கலாம்னு வந்துட்டேன்."

"முதல்ல இடம் இருக்கான்னு கேட்டுட்டு அப்பறம் டிக்கெட்டைக் குடுத்திருக்கலாமே."

"அது எனக்குத் தெரியலியே பாப்பா. இதைக் குடுத்தாத்தான் அதைத் தருவாங்கன்னு நெனச்சேன்."

என் மேசைக்கு வருகிற எல்லோரிடமும் நான் சொல்லும் முதல் வார்த்தை அதுதான்: கையில் இருப்பதை விடாதீர்கள், முதலில் அடுத்ததைப் பாருங்கள். வீட்டில் நான் சொன்னதே இல்லை. வீட்டில் யாரும் என்னிடம் கேட்டதில்லை.

"எங்கிட்ட ஏன் சொல்லல? ஆஸ்பத்திரிக் கடிதம் இருக்குது. அவசர ஒதுக்கீட்டுக்கு எழுதிக் குடுத்திருப்பேன். வாரத்துக்கு ரெண்டு பேருக்கு நான் எழுதறேன். ஞாயித்துக்கிழமைக்கே கிடைச்சிருக்கும்."

"சொன்னா நீ சிரிப்ப" என்றாள் அம்மா.

பக்கத்து வீட்டு ரேடியோவில் கன்னடச் செய்தி ஓடியது. கிடைத்திருக்கும் என்று நான் சொன்னதும் முழு உண்மை இல்லை. கிடைத்திருக்கலாம், அவ்வளவுதான். அவர்களைக் குத்த வேண்டும் என்று அப்படிச் சொன்னேன்.

"அப்ப சனிக்கிழமை மதியம் எங்க போன? ரெண்டு மணி நேரம்?"

"ஸ்டேஷனுக்குத்தான் போனேன்." அவன் குரல் உடைந்தது. "வரிசையில நின்னேன். நீ டீ குடிக்காதன்னு சொன்ன. குடிக்கல. கவுண்டர் வந்ததும் விலகிட்டு மறுபடி கடைசியில போய் நின்னேன்."

எனக்கு அவனை அடிக்க வேண்டும் போலிருந்தது. அதே சமயம், கையில் டிக்கெட் இல்லாமல் அந்த வரிசையில் இரண்டு முறை நின்ற அவனை நினைத்ததும் பாவமாக இருந்தது. பாவப்பட்டதற்காக என் மேலேயே ஆத்திரம் வந்தது. பிறகு கேட்கக் கூடாததைக் கேட்டேன்.

"கால் பங்கை எடுத்துக்கிட்டு மீதியைக் குடுத்திருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காதுண்ணா. சாகற வரைக்கும் தெரிஞ்சிருக்காது. அந்தப் பணத்தை நீயே வச்சிருக்கக் கூடாதா?"

அவன் நிஜமாகவே புரியாமல் என்னைப் பார்த்தான். "அது உன் காசு பாப்பா. நான் எப்படி எடுப்பேன்?"

ஒரு ரூபாய் திருடத் தெரியாதவன். அப்பாவை எடுத்துக்கொண்டு பணத்தைத் திருப்பிக் கொடுத்திருக்கிறான் என்று அன்று எனக்குத் தோன்றியது. அதை வாய்விட்டுச் சொல்லவும் சொன்னேன். அவன் தட்டில் கை கழுவிவிட்டு எழுந்து போனான். அம்மா அந்தத் தட்டை எடுத்துக்கொண்டு கொல்லைப்புறம் போனாள்.

வாசலில் சைக்கிள் ஸ்டாண்டை எடுக்கும் சத்தம் கேட்டது. நான் கொல்லைப்புறம் போனேன். அம்மா தொட்டிக்கு அருகில், அப்பா விழுந்த இடத்துக்கு ஓரடி தள்ளி, குந்தி உட்கார்ந்து தட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"அவசரமா சனிக்கிழமை கிழக்க போயே ஆகணும்னா என்ன பண்ணுவாங்க?" என்று கேட்டேன். கேள்வி எனக்கே தெரியாமல் வெளியே வந்தது. ஊரில் எல்லோரும் சனிக்கிழமை வீட்டில் உட்கார்ந்திருக்க முடியாதே என்ற எண்ணம்தான்.

அம்மா தேய்ப்பதை நிறுத்தவில்லை. "பரிகாரம் உண்டு. தயிர் சாப்பிட்டுட்டுக் கெளம்பலாம்."

"தயிரா?"

"ஒரு கரண்டி."

"அன்னைக்கு வீட்டுல தயிர் இருந்துச்சா?"

"இருந்துச்சு." தட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "நோயாளிக்கு அது போதுமோ போதாதோன்னு பயந்துட்டேன் கண்ணு" என்றாள்.

அவள் பயந்தாள். நான் சிரித்தேன். அண்ணன் நடுவில் நின்றான். எங்கள் மூவருக்கும் அப்பா வேண்டும், அதில் சந்தேகமே கிடையாது. அதுதான் தாங்க முடியாதது. யாராவது ஒருவர் அவரை வேண்டாம் என்று நினைத்திருந்தால், பழியை அங்கே கொண்டுபோய் இறக்கியிருப்பேன்.

அண்ணன் அந்த வருடமே ஓசூரில் வேலை தேடிக்கொண்டு போனான். கல்யாணம், குழந்தைகள் எல்லாம் ஆனது. பார்த்தால் பேசிக்கொள்வோம், என்னைப் பாப்பா என்றுதான் கூப்பிடுகிறான். பணம் என்ற பேச்சு மட்டும் எங்களுக்குள் வருவதில்லை. பசவராஜ் போன பிறகு கடை மூடிவிட்டது. டிக்கெட் திருப்பும் விதிகளும் எத்தனையோ முறை மாறிவிட்டன. இப்போது வீட்டிலிருந்தே ரத்து செய்கிறார்கள். எந்த நிமிடம் செய்தார்கள் என்பது அதிலேயே பதிவாகிவிடுகிறது. என்னைப் போல் ஒருத்தி உட்கார்ந்து கூட்டிக் கழித்துக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

அம்மா என்னோடுதான் இருக்கிறாள். போன மாதம் அண்ணன் மகளின் சடங்குக்கு ஓசூர் போக வேண்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை விசேஷம். சனிக்கிழமை போய்விட்டால் சௌகரியம் என்று எல்லோரும் சொன்னார்கள்.

வெள்ளிக்கிழமை பஸ்ஸுக்கு இரண்டு டிக்கெட் எடுத்தேன். அம்மா சனிக்கிழமைகளில் கிழக்கே போவதில்லை.